2024இன் எஸ்24 தள்ளுபடியிலா, 2025இன் ஏ56 புதுசாகவா? திருகோணமலையில் போன் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் ஒரு முறை காசைக் கரைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 2025 தொடக்கத்தில், "போன வருஷ டொப் மாடல், ஒன்றரை இலட்சத்துக்குள்ள" என்று ஒரு கடைக்காரர் காட்டிய சாம்சங் கேலக்ஸி எஸ்24ஐ யோசிக்காமல் வாங்கினேன். பெயர் சரி, பெட்டி சரி, போனும் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அது 128 ஜிபி, வெளிநாட்டு மாடல், கொம்பனி வொரன்டி கிடையாது, பின்னேரம் நான்கு மணிக்கே பற்றரி படுத்துவிடும். இவை ஒவ்வொன்றையும் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு விடுகிற என் சித்தப்பாவின் மகன் போன் வாங்க வந்தபோது, இரண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தோம். அவனுக்கு முன்னால் இருந்தவை இரண்டு: 2024 ஜனவரியில் வந்த எஸ்24, 2025 மார்ச்சில் வந்த ஏ56. ஒன்று விலை இறங்கிய மேல்தட்டு போன், மற்றது புதிய நடுத்தர போன். இந்த இரண்டையும் வைத்தே முழுக்கச் சொல்கிறேன். நீங்கள் வேறு கொம்பனி பார்க்கிறீர்கள் என்றாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

1. முதலில் மாடல் எண், பிறகுதான் விலை

"எஸ்24" என்ற பெயரில் ஒரே போன் இல்லை. இலங்கைக்கு வரவேண்டியது SM-S921B, அதில் எக்ஸினோஸ் 2400 சிப். அமெரிக்காவுக்குப் போவது SM-S921U, அதில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3. சிப்பைக் கேட்டால் அமெரிக்க மாடல் நல்லதாகத் தோன்றும், கடைக்காரரும் அதைத்தான் சொல்லி விற்பார். ஆனால் அதில் சிம் போடுகிற இடம் ஒன்றுதான், இரண்டாவது இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். இரண்டு சிம் அட்டை பாவிக்கிற எங்களுக்கு அது பெரிய தொல்லை. அத்தோடு ஏதாவது அமெரிக்க நெட்வேர்க்குக்குப் பூட்டிய போனாக இருந்தால் அதைத் திறக்கவும் காசு.

போனில் Settings போய் About phone திறந்தால் மாடல் எண் தெரியும். பெட்டியின் ஒட்டியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். என்னுடைய போனில் பெட்டி ஒன்று, போன் ஒன்று. நான் அதைக் கவனித்தது வாங்கி மூன்று கிழமைக்குப் பிறகு.

அடுத்தது ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண். டயல் செய்கிற இடத்தில் இதை அடித்தால் 15 இலக்க எண் வரும்:

```
*#06#
```

அந்த எண்ணை இப்படி எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள் (இது மாதிரிக்கு, உங்கள் போனின் எண்ணைப் போட வேண்டும்):

```
IMEI 123456789012345
```

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு, பதிவில்லாத போனைப் புதிதாக இங்கத்தைய சிம் போட்டுப் பாவிக்க முடியாது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே சிம்மோடு ஓடிக்கொண்டிருந்தவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆகவே "அண்ணை, எல்லாருக்கும் வேலை செய்யுது" என்ற பேச்சை விட்டுவிட்டு, காசு கொடுக்கு முன் எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்கள். பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ, இரண்டையும் அனுப்ப வேண்டும்.

சீல் உடைக்காத பெட்டி என்றால் எண் ஒட்டியிலேயே இருக்கும், பெட்டியைத் திறக்காமலே இதைச் செய்துவிடலாம்.

2. 128ஆ 256ஆ: இது இடத்தின் கணக்கு மட்டும் இல்லை

நான் சறுக்கிய இரண்டாவது இடம் இது. எஸ்24இல் 128 ஜிபி மாடலில் இருப்பது யூஎஃப்எஸ் 3.1 வகை ஸ்டோரேஜ். 256 ஜிபியில் இருப்பது யூஎஃப்எஸ் 4.0. அதாவது 256 எடுத்தால் இடம் இரட்டிப்பாவதோடு, வாசிக்கிற எழுதுகிற வேகமும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஏ56இல் இருப்பதும் 3.1தான். ஆக, 128 ஜிபி எஸ்24 எடுக்கிறவர் ஸ்டோரேஜ் விஷயத்தில் நடுத்தர போனைத்தான் எடுக்கிறார், விலையை மட்டும் கூடக் கொடுக்கிறார்.

தள்ளுபடி விலை என்று பெரிதாக எழுதித் தொங்குவது அநேகமாக 128தான். பொதுவாக 256 முதலில் விற்றுத் தீர்ந்துவிடும், மிச்சம் கிடப்பதைத்தான் கழித்து விற்கிறார்கள்.

இந்த இரண்டு போனிலும் மெமரி கார்ட் போட இடம் இல்லை. 128 ஜிபி போனைத் திறந்து முதல் நாளே பார்த்தால் சிஸ்டமே 30 ஜிபி வரை எடுத்திருக்கும். வட்ஸ்அப் குழு நாலு, பிள்ளைகளின் வீடியோ கொஞ்சம், ஆறு மாதத்தில் "இடம் போதாது" என்று வரும்.

3. அப்டேட் கணக்கு: இதில் இரண்டும் சமம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் இதைத்தான் பெரிதாகச் சொல்லிக் குழப்புவார்கள். எஸ்24க்கு 7 வருஷ அப்டேட், ஏ56க்கு 6 வருஷம். ஆனால் கணக்குத் தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, போன் வெளியான நாளிலிருந்து. 2024 ஜனவரியோடு 7 கூட்டினால் 2031 தொடக்கம். 2025 மார்ச்சோடு 6 கூட்டினாலும் 2031 தொடக்கம்தான். எஸ்24 அண்ட்ரொய்ட் 14இல் தொடங்கி ஏழு பதிப்பு, ஏ56 15இல் தொடங்கி ஆறு பதிப்பு, இரண்டும் 21இல் போய் நிற்கும். "புதுசு கனகாலம் ஓடும்", "டொப் மாடலுக்கு ஏழு வருஷம்" என்ற இரண்டு பேச்சையும் தள்ளிவைத்துவிட்டு உள்ளே இருக்கிற சாமானைப் பாருங்கள்.

4. சிப்பைக் குளிர் அறையில் அளக்காதீர்கள்

காகிதத்தில் இது போட்டியே இல்லை. எஸ்24இன் எக்ஸினோஸ் 2400, ஏ56இன் எக்ஸினோஸ் 1580ஐ விட ஒரு பெரிய படி மேலே. முக்கியமாக விளையாட்டு, வீடியோ எடிட் செய்கிற கிராபிக்ஸ் பக்கத்தில் இடைவெளி இன்னும் பெரிது. யூடியூப்பில் பார்க்கிற ஒப்பீடுகள் எல்லாம் இங்கேதான் நின்றுவிடும்.

பிரச்சினை என்னவென்றால், அந்த எண்கள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தவை. சாம்சங் தன் போன்களுக்குச் சொல்கிற சூழல் வெப்பநிலை 35 பாகை வரைதான். மே, ஜூன் மாதத்தில் உட்துறைமுக வீதியில் பதினொரு மணி வெயிலில் கையில் போனோடு நின்று பாருங்கள், போன் ஒன்றும் செய்யாமலே சுடும். சிப் சூடேறினால் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஸ்24 6.2 அங்குலச் சின்னப் போன், சூட்டைப் பரப்ப இடம் குறைவு. அதனால் அதிக வேகத்தில் தொடங்கி அதிகமாக இறங்கும். ஏ56 6.7 அங்குலம், சிப்பும் சாதுவானது. மெதுவாகத் தொடங்கினாலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கடைசிவரை போகும்.

இதை நீங்களே அளக்கலாம். பிளே ஸ்டோரில் 3DMark என்ற செயலியை எடுங்கள், இலவசம். அதில் Wild Life Extreme Stress Test என்று ஒன்று இருக்கும். ஒரே காட்சியை 20 தடவை, 20 நிமிஷம் ஓட்டும். முடிவில் மூன்று எண் வரும்: Best loop score, Lowest loop score, Stability. எல்லாரும் முதலாவதைத்தான் பார்க்கிறார்கள், சிலர் மூன்றாவதைப் பார்த்து "ஐயோ, 55 சதவீதம்தானா" என்று பயப்படுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கிற Lowest loop score.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் மாதிரிக்கு. ஒரு போன் 4,000இல் தொடங்கி 55 சதவீதத்துக்கு இறங்குகிறது என்றால் கடைசியில் நிற்பது 2,200. மற்றது 1,600இல் தொடங்கி 95 சதவீதத்தில் நிற்கிறது என்றால் 1,520. தொடக்கத்தில் இரண்டரை மடங்கு இடைவெளி, சூடேறின பிறகு ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் கீழே. மேல்தட்டு போன் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. ஆனால் விளம்பரத்தில் காட்டிய இடைவெளிக்கு விலை கொடுக்கிறீர்களா, உண்மையில் கையில் கிடைக்கிற இடைவெளிக்கு விலை கொடுக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும்.

சீல் உடைக்காத போனில் இதைச் செய்ய விடமாட்டார்கள். கடையில் காட்சிக்கு வைத்த போன், அல்லது தெரிந்தவர் யாரிடமாவது இருக்கிற அதே மாடல் போதும். நாங்கள் என்னுடைய எஸ்24ஐயும், பக்கத்து வீட்டு ரீச்சரின் ஏ56ஐயும் முற்றத்து வேப்பமர நிழலில் ஒரே நேரத்தில் ஓட்டினோம். கேஸைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கேஸைத்தான் அளப்பீர்கள். பதினைந்தாவது சுற்றில் என் போனின் மேல் பாதி தோசைக்கல் போல இருந்தது, கமராப் பக்கம் கை வைக்க முடியவில்லை. ஏ56 வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

சரி, இது யாருக்குப் பயன்? வட்ஸ்அப், பேஸ்புக், வங்கிச் செயலி, யூடியூப் மட்டும் என்றால் இரண்டு சிப்பும் போதுமானவை, இந்தப் பகுதியை மறந்துவிடலாம். வீடியோவைப் போனிலேயே வெட்டி ஒட்டுகிறவருக்கும், கனமான கேம் விளையாடுகிறவருக்கும் மட்டும்தான் இந்த இடைவெளிக்குக் காசு பெறுமதி.

5. மெகாபிக்சலை எண்ணாமல் கமராவைப் பாருங்கள்

இரண்டு போனின் பின்பக்கத்திலும் மூன்று வட்டம் இருக்கும். இரண்டிலும் பிரதான கமரா 50 மெகாபிக்சல். இரண்டிலும் சென்சர் அளவு 1/1.56 அங்குலம், லென்ஸ் எஃப்1.8. அதாவது நல்ல வெளிச்சத்தில் பிரதான கமராவில் எடுத்த படத்தை எந்தப் போனில் எடுத்தது என்று உங்களால் சொல்வது கஷ்டம். இதைக் கேட்டுப் பலருக்கு ஆச்சரியம், எனக்கும்தான்.

வித்தியாசம் மூன்றாவது வட்டத்தில். ஏ56இல் அது 5 மெகாபிக்சல் மக்ரோ, பூவையும் எறும்பையும் கிட்டப் போய் எடுக்க. வாங்கி ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. எஸ்24இல் அது மூன்று மடங்கு சூம் உள்ள 10 மெகாபிக்சல் டெலி லென்ஸ், கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஓஐஎஸ்ஸோடு. ஏ56இல் 3x அழுத்தினால் பிரதான கமராவின் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது.

சோதிக்கிற விதம்: கடை வாசலில் நின்று, தெருவுக்கு எதிர்ப்பக்கம் தூரத்தில் இருக்கிற ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். பெரிய எழுத்து வேண்டாம், கீழே சின்னதாகத் தொலைபேசி எண் எழுதியிருப்பார்களே, அதை. இரண்டு போனிலும் 3x வைத்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கி அந்த எண்ணை வாசிக்கப் பாருங்கள். நாங்கள் மத்திய வீதியில் இப்படி எடுத்தபோது எஸ்24இல் எண் முழுக்க வாசிக்க வந்தது. ஏ56இல் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. வெளிச்சம் குறைந்தால், நீங்கள் 3x வைத்திருந்தாலும் போன் டெலி லென்ஸைப் பாவிக்காமல் பிரதான கமராவின் படத்தை வெட்டித் தரலாம். கண்டுபிடிக்கிறது சுலபம்: 3x வைத்துவிட்டு லென்ஸ்களை விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது திரை கறுக்கிறதோ அதுதான் வேலை செய்கிற லென்ஸ். கோணேசர் கோவில் மேட்டில் மாலை ஆறரைக்கு நான் இதைச் செய்து பார்த்தேன், டெலி லென்ஸை மூடினேன், படம் அப்படியே இருந்தது. ஆகவே இரவுத் திருவிழாவில் தூரத்துப் படம் எடுக்கத்தான் என்று டெலி லென்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். பகலில் தேர், மான், கடலில் டொல்பின் என்றால் கொடுக்கலாம்.

வீடியோவில் இன்னொன்று. எஸ்24 4கேயை வினாடிக்கு 60 படம் வரை எடுக்கும், ஏ56 30தான். ஆடுகிற படகில் எடுக்கிற வீடியோவைப் பிறகு மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்றால் இது தெரியும். வீட்டுப் பிறந்தநாள் வீடியோவில் தெரியாது.

6. பற்றரி, வெயில், திரை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

எஸ்24இல் 4,000 எம்ஏஎச், 25 வாட் சார்ஜ். ஏ56இல் 5,000 எம்ஏஎச், 45 வாட். இங்கே நடுத்தர போன் தெளிவாக மேல், இதில் வாதாட ஒன்றும் இல்லை. எஸ்24இல் கூடுதலாக இருப்பது வயர்லெஸ் சார்ஜ் மட்டும்.

ஆனால் புது போனை மட்டும் யோசிக்காதீர்கள். பொதுவாக ஒரு லித்தியம் பற்றரி 500 முதல் 800 முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கினால் 80 சதவீதத்துக்கு வந்துவிடும், சூட்டில் இன்னும் கெதியாக. அப்போது எஸ்24இடம் மிஞ்சுவது 3,200. ஏ56இடம் மிஞ்சுவது 4,000, அதாவது எஸ்24 புதிதாக இருந்தபோது வைத்திருந்த அளவு. அதோடு தள்ளுபடி போன் ஒரு வருஷத்துக்கு மேல் ஏதோ ஒரு களஞ்சியத்தில் கிடந்திருக்கலாம். பாவிக்காவிட்டாலும் பற்றரி வயதாகும், தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் கூடுதலாக. வாங்கியவுடன் Samsung Members செயலியில் Diagnostics போய் Battery status பாருங்கள். Normal அல்லது Good என்று வராவிட்டால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

காட்சிக்கு வைத்த போனைக் கழித்துத் தருகிறார்கள் என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். டயலில் இதை அடியுங்கள்:

```
*#0*#
```

சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டங்கள் வரும், ஒவ்வொன்றையும் அழுத்தினால் திரை முழுக்க அந்த நிறமாகும். கடையின் விளம்பரம் மாதக்கணக்காக ஓடிய திரையில் அந்த எழுத்தின் நிழல் மங்கலாக அப்படியே நிற்கும். சிவப்பிலும் நீலத்திலும் நன்றாகத் தெரியும், கடை விளக்குக்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் நிழலில் வைத்துப் பாருங்கள்.

திரையின் உச்ச வெளிச்சம் எஸ்24இல் 2,600 நிட்ஸ், ஏ56இல் 1,900. இரண்டிலும் ஓட்டோ பிரைட்னஸ் போட்டிருந்தால்தான் அந்த அளவுக்கு ஏறும். கையால் முழுக்க இழுத்துவிட்டு "வெயிலில் தெரியவில்லை" என்று சொல்கிறவர்கள் அனேகம். மற்றது, போன் சூடானால் திரை தானாக மங்கும். படகில் நின்றால் எஸ்24 முதல் பத்து நிமிஷம் அருமையாகத் தெரியும், பிறகு சூடேறிக் குறையும். அந்த நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தம்பி சொன்னான்.

7. கேபிள் ஓட்டையும் கடல் தண்ணியும்

எஸ்24இன் அடியில் இருப்பது யூஎஸ்பி 3.2, ஏ56இல் 2.0. இரண்டும் ஒரே மாதிரி ஓட்டை, பார்த்துச் சொல்ல முடியாது. தினம் 30 ஜிபி வீடியோவை லப்டொப்புக்கு மாற்றுகிறவருக்கு 2.0இல் வினாடிக்கு 40 எம்பி என்று வைத்தால் பன்னிரண்டரை நிமிஷம், 3.2இல் 300 எம்பி என்று வைத்தால் இரண்டு நிமிஷத்துக்குள். ஆனால் பெட்டியில் வருகிற கேபிளில் இந்த வேகம் வராது. அது சார்ஜுக்கான கேபிள், யூஎஸ்பி 3 கேபிள் தனியாக வாங்க வேண்டும். கேபிள் போட்டு மாற்றாதவர் இதைப் பார்க்கவே தேவையில்லை.

தண்ணீர் விஷயம்: எஸ்24 ஐபி68, ஏ56 ஐபி67. முதலாவது ஒன்றரை மீற்றர், இரண்டாவது ஒரு மீற்றர், இரண்டும் 30 நிமிஷம், இரண்டும் நல்ல தண்ணீரில். கடல் தண்ணீர் இதில் சேர்த்தி இல்லை. கடலில் விழுந்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள், சார்ஜ் ஓட்டை காயும்வரை கேபிள் செருக வேண்டாம். உப்பு உள்ளே நின்று ஓட்டை பச்சை பிடித்தால் வொரன்டியில் எடுக்கமாட்டார்கள். அதோடு யாராவது திரையைக் கழற்றித் திருத்திய போன் என்றால் உள்ளே இருக்கிற பசை போய்விட்டது, ஐபி68 என்ற எழுத்துக்கு அப்புறம் பொருள் இல்லை. திருத்திப் புதுசாக்கிய போனைத் தள்ளுபடி போன் என்று விற்கிற இடத்தில் இதைக் கேளுங்கள்.

8. முழுச் செலவைக் கூட்டுங்கள்

நாங்கள் பார்த்த கிழமையில் எங்களுக்குச் சொன்ன விலை இவை, நீங்கள் போகும்போது மாறியிருக்கும், கூட்டுகிற முறையை மட்டும் எடுங்கள்.

ஏ56, 256 ஜிபி, கொம்பனி வொரன்டியோடு 132,000 ரூபா. இரண்டு போனிலும் பெட்டிக்குள் சார்ஜர் இல்லை, ஆகவே 45 வாட் சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும் 9,000. சாதாரண கேபிளில் 45 வாட் ஏறாது, கடையில் 5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸும் கண்ணாடியும் 3,500. மொத்தம் 144,500.

எஸ்24, 256 ஜிபி, கொம்பனி வொரன்டியோடு 172,000. பிபிஎஸ் என்ற வேகச் சார்ஜ் முறை உள்ள 25 வாட் சார்ஜர் 6,500. கேஸும் கண்ணாடியும் 4,000. சின்னப் பற்றரிக்குப் பவர் பேங்க் 7,500. மொத்தம் 190,000.

இடைவெளி 45,500. நான்கு வருஷம் வைத்திருந்தால் மாதம் ஏறத்தாழ 950 ரூபா. நான் முதலில் ஏமாந்த வெளிநாட்டு 128 ஜிபி எஸ்24 இந்த இரண்டுக்கும் நடுவில், 145,000க்குக் கிடந்தது. ஆக, ஏ56இன் வேகத்தில் ஸ்டோரேஜ், ஏ56ஐ விடச் சின்னப் பற்றரி, வொரன்டியும் இல்லை, விலை மட்டும் 13,000 கூட.

இந்தக் கூட்டலோடு இன்னொரு எண்ணையும் கேட்டு எழுதுங்கள்: திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு? வாங்குமுன் சேவை நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து இரண்டு மாடலுக்கும் கேளுங்கள். மேல்தட்டு போன் தள்ளுபடியில் வரும், அதன் திரை தள்ளுபடியில் வராது.

தம்பி எஸ்24, 256 எடுத்தான். அவனுக்கு 3x லென்ஸ், 4கே 60, கேபிள் மூன்றும் தினசரி வேலை, படகில் சார்ஜ் செய்ய வசதியும் இருக்கிறது. நான் இன்றைக்குத் திரும்ப வாங்கினால் ஏ56தான் எடுப்பேன், என் வேலைக்கு வேண்டியது பின்னேரம் வரை தாங்குகிற பற்றரி.

9. பில், வொரன்டி, நாள்

மேல்தட்டு எஸ் வரிசை வருஷத் தொடக்கத்தில் வருகிறது, ஏ56 மாதிரியானவை மார்ச் பக்கம். பழைய எஸ் மாடலின் விலை இறங்குவதும் அதே நேரம்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை 256 ஜிபி கொம்பனிச் சரக்கு கையில் அகப்படும், அதற்குப் பிறகு மிஞ்சுவது 128உம், வெளிநாட்டு மாடலும், காட்சிப் போனும். இங்கே கடைகளில் 256 இல்லை என்றால் கொழும்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம், எங்களுக்கு நான்கு நாள் எடுத்தது. முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம், நாங்கள் 10,000 கொடுத்து ரசீது எடுத்தோம், அதில் SM-S921B, 256 ஜிபி, நிறம் மூன்றையும் எழுதச் சொன்னோம்.

பில்லில் இருக்க வேண்டியவை: திகதி, மாடல் எண், இரண்டு ஐஎம்இஐ, வொரன்டி கொம்பனியினுடையதா கடையினுடையதா என்பது. "ஒரு வருஷ வொரன்டி" என்று மட்டும் எழுதினால் அது அநேகமாகக் கடை வொரன்டி, கடை மூடினால் அதுவும் போச்சு. தவணையில் எடுக்கிறீர்கள் என்றால் அடையாள அட்டைப் பிரதியும் முகவரிக்கு ஒரு மின் பில்லும் கொண்டு போங்கள், மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி ரொக்க விலையோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

பல கடைகள் ஏழு நாள் மாற்றித் தருவோம் என்று சொல்லும், அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த ஏழு நாளில் செய்ய வேண்டியது: முதல் நாள் இரண்டு சிம்மும் போட்டு அழைப்பு எடுத்துப் பாருங்கள், 4ஜியில் அழைப்பு எடுக்கலாம் என்று காட்டுகிற வோல்ட்இ அடையாளம் மேலே வருகிறதா என்று. இரண்டாம் நாள் 3DMark இருபது நிமிஷம். மூன்றாம் நாள் முழுச் சார்ஜில் தொடங்கி உங்கள் வழமையான பாவனை, எத்தனை மணிக்கு 15 சதவீதத்துக்கு வருகிறது என்று குறியுங்கள். ஏதாவது பிழைத்தால் ஏழாம் நாள் வரை காத்திருக்காதீர்கள், ஐந்தாம் நாளே பெட்டி, கேபிள், சிம் ஊசி எல்லாவற்றோடும் போங்கள். நான் போனபோது சிம் ஊசி இல்லை என்றுதான் முதலில் திருப்பி அனுப்பினார்கள்.